72 லட்சம் கேட்கும் ஆக்வா: எந்த விலையில் எழுந்து வர வேண்டும்?

[திரையில்: தெஹிவளைத் தெரு ஒன்றில் நிற்கும் வெள்ளை டொயோட்டா ஆக்வா. கீழே எழுத்து: 2014 தயாரிப்பு, 2015 பதிவு, 112,000 கிமீ, 72 லட்சம்]

இந்தக் காருக்கு 72 லட்சம் கேட்கிறார்கள். விளம்பரத்தில் "நெகோஷியபிள்" என்றும் இருக்கிறது. பேசினால் குறைப்பார்கள், சரி. எதுவரை குறைந்தால் வாங்கலாம், எந்த எண்ணுக்கு மேல் நின்றால் "நன்றி அங்கிள்" என்று சொல்லிவிட்டு வர வேண்டும்? அந்த எண்ணை விற்பவரின் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து யோசிக்கக் கூடாது. போவதற்கு முன்பே அது உங்கள் கையில் ஒரு துண்டுக் காகிதத்தில் இருக்க வேண்டும். அதை எப்படிக் கணக்கிடுவது என்பதுதான் இந்த வீடியோ.

முன்கூட்டியே ஒன்று. இதில் வரும் ரூபாய்க் கணக்கெல்லாம் உதாரணம். நீங்கள் தேடும் வாரத்தில் சந்தை வேறு இடத்தில் நிற்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதும், 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்ததும் பழைய கார்களின் விலையை எப்படி ஆட்டிவைத்தன என்று கொழும்பில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதனால் மூன்று மாதத்துக்கு முன் நண்பர் வாங்கிய விலையை அளவுகோலாக எடுக்காதீர்கள். கடைசி இரண்டு மூன்று வார விளம்பரங்கள் மட்டும் போதும்.

[திரையில்: ikman.lk, riyasewana.com தேடல் பக்கங்கள்]

ஆக்வா என்று தேடினால் பக்கம் பக்கமாக வரும். அதில் பெரும்பகுதி நமக்கு உதவாது. முதலில் தயாரிப்பு ஆண்டைப் பாருங்கள், பதிவு ஆண்டை அல்ல. 2012 இல் செய்த காரை 2015 இல் பதிந்திருப்பார்கள், தலைப்பில் 2015 என்றே போடுவார்கள். அடுத்து கிரேட். ஆக்வாவில் L, S, G என்று வரும், L இல் பல வசதிகள் இருக்காது, விலையும் கீழே இருக்கும். நம் கார் S என்றால் S காரோடுதான் ஒப்பிட வேண்டும்.

அப்புறம் இரண்டு வகை விளம்பரங்களைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடுங்கள். ஒன்று, 30 லட்சம், 35 லட்சம் என்று ஆசை காட்டுபவை. உள்ளே போய்ப் படித்தால் "மிகுதி லீசிங்கைத் தொடரலாம்" என்று இருக்கும். அது காரின் விலையே அல்ல. இன்னொன்று, ஒரே கார் இரண்டு விலையில் வருவது. உரிமையாளர் ஒரு விலை போட்டிருப்பார், ப்ரோக்கர் அதே படங்களை எடுத்து ஒன்றரை லட்சம் கூட்டிப் போட்டிருப்பார். நம்பர் பிளேட்டை மறைத்திருந்தாலும் பின்னால் தெரியும் கேட்டும், பம்பரில் உள்ள கீறலும் காட்டிக் கொடுத்துவிடும்.

இப்படிக் கழித்த பிறகு நம் உதாரணத்தில் ஆறு கார்கள் மிஞ்சுகின்றன என்று வைத்துக்கொள்வோம்.

[திரையில்: 66.5 — 68 — 69 — 70 — 72.5 — 76 லட்சம்]

இதில் சராசரி எடுக்காதீர்கள். 76 கேட்பவர் எவ்வளவு நாளானாலும் காத்திருப்பேன் என்று உட்கார்ந்திருக்கிறார், அவர் சராசரியை மேலே இழுத்துவிடுவார். வரிசையின் நடுவைப் பாருங்கள்: 69க்கும் 70க்கும் இடையில், 69.5. ஆனால் இது கேட்கும் விலை, விற்ற விலை அல்ல. அந்த ஆறில் மூன்று பேருக்கு அழைத்து, "கடைசியா எவ்வளவுக்குத் தருவீங்க?" என்று கேளுங்கள். காரைப் பார்க்காமலே ஒன்று, ஒன்றரை, சிலர் இரண்டு லட்சம் வரை இறங்குவார்கள். ஆகவே இந்த ஆண்டு, இந்தக் கிரேட், ஏறக்குறைய இந்த ஓட்டம் கொண்ட ஒரு சாதாரண ஆக்வா இன்று கை மாறும் விலை 68 லட்சம் பக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்தச் "சாதாரண" என்பதை மனதில் வைத்திருங்கள். மீதிக் கணக்கு முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

[திரையில்: கராஜ். ஹொயிஸ்டில் ஏற்றிய கார்]

இப்போது சோதனை. விற்பவர் சொல்லும் கராஜுக்குப் போகாமல் நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்துக்குக் கொண்டு போங்கள், கட்டணத்தையும் நீங்களே கட்டுங்கள். அட்வான்ஸ் கொடுத்தால்தான் காரை எடுத்துப்போக விடுவேன் என்றால், அடுத்த காரைப் பார்க்கலாம்.

சில விஷயங்கள் தெரியவந்தால் விலை பேசவே வேண்டாம். சேசிஸ் வளைந்து நிமிர்த்திய அடையாளம் ஒன்று. வெள்ளத்தில் நின்ற கார் இன்னொன்று. கொலன்னாவை, வெல்லம்பிட்டியப் பக்கம் 2016 மே மாத வெள்ளத்தில் கார்கள் மூழ்கியது பலருக்கு நினைவிருக்கும், 2025 நவம்பரில் டித்வா புயலோடு களனி ஆற்றோரம் மறுபடி அதே கதை. சீட் பெல்ட்டை முடிவு வரை இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று. சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா, டிக்கி விரிப்புக்குக் கீழே மண் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆக்வாவின் ஹைபிரிட் பேட்டரி பின் சீட்டுக்குக் கீழே இருக்கிறது. தண்ணீர் சீட் மட்டத்தைத் தொட்டிருந்தால் அதையும் தொட்டிருக்கும். இப்படியான காருக்கு ஐந்து லட்சம் குறைத்தாலும் அது மலிவு அல்ல.

நம் காரில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் நான்கு விஷயங்கள் அகப்பட்டன.

[திரையில்: டயரின் பக்கச் சுவரில் 2318]

முதலாவது டயர். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2018 இன் 23 ஆவது வாரத்தில் செய்த டயர்கள் இவை, நான்கையும் மாற்ற வேண்டும். செட் 120,000 ரூபாய் என்று வைத்தால் முழுவதையும் கழித்துவிடலாமா? கூடாது. நாம் 68 என்று மதிப்பிட்ட அந்தச் சாதாரண ஆக்வாவும் புது டயரோடு நிற்கவில்லை, பாதி தேய்ந்த டயரோடுதான் நிற்கிறது. அந்தத் தேய்மானம் விலையில் ஏற்கனவே அடங்கிவிட்டது. வித்தியாசத்தை மட்டும் கழியுங்கள்: 60,000. பட்டியல் எழுதும் முக்கால்வாசிப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள். கண்ணில் பட்டதையெல்லாம் புது விலையில் கழித்து ஒரு நடக்காத விலையைச் சொல்வார்கள், விற்பவர் அத்தோடு பேச்சை நிறுத்திவிடுவார்.

இரண்டாவது, இடது முன் ஃபெண்டரும் கதவும் மறுபடி பெயிண்ட் அடித்தவை. பெயிண்ட் கேஜ் வைத்தால் மற்ற இடங்களில் 100 மைக்ரான் பக்கம் காட்டுவது இங்கே 300க்குப் போகிறது. ஆயிரத்தைத் தொட்டிருந்தால் உள்ளே பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம், அது பெரிய அடி. இங்கே கீறலை மறைத்த அளவு வேலைதான், உள்ளே வெல்டிங் கம்பெனியில் வந்தபடியே இருக்கிறது. திருத்த ஒன்றுமில்லை, ஆனால் நாளை நீங்கள் விற்கும்போது வாங்க வருபவரும் ஒரு கேஜ் கொண்டுவருவார். அதற்கு 75,000.

மூன்றாவது, பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்கம் டொக் டொக் என்கிறது. லோவர் ஆர்ம் புஷ் போய்விட்டது. வேலையோடு 45,000. சாதாரணக் கார் இப்படிச் சத்தம் போடாது, அதனால் முழுதாகக் கழிக்கலாம்.

[திரையில்: ஸ்கேனர் திரை, பேட்டரி பிளாக் வோல்டேஜ் வரிசை]

நான்காவதுதான் பெரியது. ஹைபிரிட் பேட்டரியின் பிளாக்குகளை ஸ்கேனரில் நின்ற இடத்தில் பார்த்தால் எல்லாம் சமமாகத் தெரியும். ஓடவிட்டு, ஏற்றத்தில் மிதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல பேட்டரியில் எல்லாப் பிளாக்கும் சேர்ந்து இறங்கும், சேர்ந்து ஏறும். இந்தக் காரில் ஒன்று மட்டும் மற்றவற்றை விட வேகமாக இறங்குகிறது. பின் சீட் ஓரத்தில் உள்ள காற்று வாயில் தூசி அடைத்திருக்கிறது, பேட்டரி சூட்டிலேயே ஓடியிருக்கிறது. டேஷ்போர்டில் லைட் எரியாது, இன்னும் ஒரு வருடம்கூட எரியாமல் இருக்கலாம்.

புதுப் பேட்டரிக்கு இரண்டு இடத்தில் விலை கேட்டு 450,000 என்று வைத்துக்கொள்வோம். இதிலும் டயரின் கணக்குதான். பத்து வருட ஆக்வா எதுவானாலும் ஒருநாள் பேட்டரி மாற்றும், அந்தப் பயம் 68க்குள் ஓரளவு இருக்கிறது. ஆனால் இந்தக் காருக்கு அந்த நாள் கிட்டத்தில் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். மூன்றில் இரண்டு பங்கைக் கழிக்கிறேன்: 300,000. இது என் கணிப்பு. வேறொருவர் இரண்டரை என்பார், அதுவும் பிழையில்லை.

[திரையில்: 68 லட்சம் − 60,000 − 75,000 − 45,000 − 300,000 = 63.2 லட்சம்]

கூட்டினால் 480,000. மிஞ்சுவது 63.2 லட்சம். அந்த 20,000க்காகத் தலையை உடைக்க வேண்டாம், 63 என்று எழுதுங்கள். பெயர் மாற்றும் செலவை இதில் கழிக்காதீர்கள், எந்தக் காரை வாங்கினாலும் அது உண்டு. லீசிங் கம்பெனி 66 வரை தரத் தயார் என்றாலும் 63 ஏறாது. அவர்கள் பார்ப்பது உங்கள் சம்பளத்தையும் தங்கள் மதிப்பீட்டையும், இந்தப் பிளாக் வோல்டேஜை அல்ல.

இன்னொரு பக்கத்திலிருந்தும் சரிபாருங்கள். 69 போட்ட ராஜகிரியக் காரின் உரிமையாளர் தொலைபேசியில் 67.5க்கு இறங்கினார். அது சோதனையில் சுத்தமாக வந்தால் 67.5க்குக் கவலையில்லாத கார். நம் காரை 63க்கு எடுத்து 480,000 குறையைச் சுமந்தால் 67.8. ஏறக்குறைய ஒரே இடம். ஆகவே 64, 65 என்று ஏறுவதை விட ராஜகிரியவுக்கு ஒரு சோதனைக் கட்டணம் கட்டுவது மலிவு.

[திரையில்: வராந்தா, பிளேன் டீ]

நீங்கள் 60.5 இல் தொடங்குகிறீர்கள். அவர் 70க்கு வருகிறார், பிறகு 67.

"தம்பி, ஒரு லைட்டும் எரியேல்லை. பேட்டரி நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது அங்கிள். ஆனா இந்தப் பேப்பரைப் பாருங்கோ, இந்த ஒரு லைன் மட்டும் கீழ போகுது."

ஸ்கேன் பிரிண்டைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். குறையை ஒவ்வொன்றாகப் பேசி, பேரம் பேசிக் கரைக்க வேண்டாம். அவர் 65.5 இல் நிற்கிறார், பின்னேரம் இன்னொருவர் 68க்கு வருகிறார் என்கிறார். வரலாம். அவர் ஸ்கேன் பண்ணாதவராக இருந்தால் 68 கொடுக்கவும் செய்வார், அது உங்கள் எண்ணை மாற்றாது. நீங்கள் 63 வரை ஏறி, தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு எழுந்துவிடுங்கள்.

புதுத் தகவல் வந்தால் மட்டும் எண் நகரலாம். இரண்டு நாள் கழித்து அவரே அழைத்து, "பேட்டரியை நானே மாத்தித் தாறன், 66 தாங்கோ" என்றால், கேட்க வேண்டியது: புதிதா, பில்லும் உத்தரவாதமும் உங்கள் பெயருக்கு வருமா? ஆம் என்றால் கழித்த 300,000 திரும்பி வருகிறது, 66 நியாயமான எல்லை. மாற்றிய பிறகு அதே ஏற்றத்தில் மறுபடி ஸ்கேன் பண்ணுங்கள். வேறு காரிலிருந்து கழற்றிய பேட்டரி என்றால் அது எவ்வளவு காலம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. அதற்கு ஒரு லட்சம் கூட்டி 64க்கு மேல் நான் போக மாட்டேன்.