திரைக்குப் பின்னால் நிற்கும் செய்திப்படம்

வணக்கம். படம் எடுப்பவர்களும், அதைத் தேர்ந்தெடுத்து வெளியிடுபவர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். செய்திப்படங்களின் மேல் சமூக ஊடகத் தளங்கள் போடும் எச்சரிக்கைத் திரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆகவே நேரே ஒரு வழக்கிலிருந்து தொடங்குகிறேன்.

2022 ஏப்ரலில் லாட்வியாவிலிருந்து ஒருவர் பேஸ்புக்கில் ஒரு பதிவு போட்டார். அதில் ஒரு செய்திப்படம். தெருவில் ஒருவர் குப்புறக் கிடக்கிறார். காயம் எதுவும் தெரியவில்லை. உக்ரைனின் புச்சாவில் சுடப்பட்டவர் அவர். பதிவின் வாசகத்தை வெறுப்புப் பேச்சு என்று சொல்லி, பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா முதலில் அதை நீக்கியது. மெட்டாவின் முடிவுகளை மறுபரிசீலிக்கும் மேற்பார்வை வாரியம் வழக்கைக் கையில் எடுத்ததும் மெட்டா பதிவைத் திரும்ப வைத்தது. சில வாரம் கழித்து, கொடூர மரணத்தைக் காட்டுகிறது என்று படத்தின் மேல் எச்சரிக்கைத் திரையைப் போட்டது.   நவம்பரில் வந்த தீர்ப்பில், திரை போடும் அளவுக்கு வன்முறையின் அடையாளம் படத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை என்று வாரியம் சொன்னது.

ஒரே படம்தான். சில வாரம் திறந்திருந்தது, பிறகு மூடப்பட்டது. திரை விழுமா என்பது படத்தை மட்டும் பொறுத்ததல்ல. எந்தப் பதிவு பரிசீலனைக்குப் போனது என்பதைப் பொறுத்தும் அது மாறலாம். எனவே உங்கள் படத்துக்குத் திரை விழுந்தால், படத்தில்தான் ஏதோ தப்பு என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

சரி, ரீச்சுக்கு என்ன ஆகிறது? திரை கண்ணுக்குத் தெரிகிறது. விரலால் தொட்டால் விலகிவிடும். சிலர் தொடாமல் கடந்து போவார்கள். அந்த இழப்பு நியாயமானது என்பேன். இறந்தவரின் உடலைப் பார்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை பார்ப்பவருக்கு உண்டு. எனக்குக் கோபம் வருவது அதற்கு அடுத்த அடுக்கில். மெட்டாவின் தளங்களில் இப்படித் திரையிட்ட வன்முறைக் காட்சி பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தெரியாது. அதோடு பரிந்துரைப் பட்டியலிலிருந்தும் விலக்கப்படும். அதாவது உங்களைப் பின்தொடராத ஒருவர் முன்னால் தளம் அதைத் தானாகக் கொண்டுபோய் வைக்காது. இந்த இரண்டாவது வேலையைப் படத்தின் மேல் எங்கும் எழுதி வைப்பதில்லை.

ஓர் உதாரணத்துக்கு, உங்கள் வழக்கமான படம் ஆயிரம் பேரைச் சேர்கிறது, அதில் அறுநூறு பேர் உங்களைப் பின்தொடராதவர்கள் என்று வைத்துக்கொள்வோம். பரிந்துரை நின்றால் அடிபடுவது முதலில் அந்த அறுநூறுதான். மீதி நானூறு ஏறக்குறைய அப்படியே இருக்கலாம். மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் "இன்று படம் எடுபடவில்லை" என்றுதான் தோன்றும். பின்தொடர்பவர், பின்தொடராதவர் என்று பிரித்துப் பாருங்கள். பின்தொடர்பவர் எண்ணிக்கை அப்படியே இருந்து, பின்தொடராதவர் எண்ணிக்கை மட்டும் சரிந்திருந்தால் பரிந்துரையைச் சந்தேகிக்கலாம். இரண்டும் சேர்ந்து சரிந்திருந்தால் வெளியிட்ட நேரமோ தலைப்போ காரணமாக இருக்கலாம். ஒரு பதிவை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். அதே வகைப் படங்கள் சிலவற்றோடு ஒப்பிடுங்கள். இன்ஸ்டாகிராமில் தொழில்முறைக் கணக்கு வைத்திருப்பவர்கள் Account Status பக்கத்தையும் திறந்து பார்க்க வேண்டும். பரிந்துரைக்குத் தகுதியில்லை என்று தளம் முடிவு செய்த பதிவு அங்கே தெரியும், மறுபரிசீலனையும் கேட்கலாம்.

கேட்கும்போது "இது முக்கியமான செய்தி" என்று மட்டும் எழுதினால் போதாது. படத்தில் என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று எழுதுங்கள். திறந்த காயம் இல்லை, முகம் தெரியவில்லை, இன்ன இடம், இன்ன தேதி என்று சொல்லுங்கள். புச்சா வழக்கில் வாரியம் பார்த்ததும் இதைத்தான். திரைக்குப் பயந்து படத்தை வெட்டி உண்மையை மாற்றுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாசகத்தின் முதல் வரியிலேயே யார், எங்கே, எப்போது என்பதை வைத்துவிடுங்கள். படம் மூடியிருந்தாலும் செய்தி போய்ச் சேரும்.

திரையையும் பரிந்துரைத் தடையையும் பிரிக்க முடியாது என்பவர்களுக்கு 2023 டிசம்பரில் வந்த தீர்ப்பைக் காட்டலாம். காஸாவின் அல்-ஷிஃபா மருத்துவமனை அருகே நடந்த தாக்குதலுக்குப் பிந்தைய காணொளியை மெட்டாவின் தானியங்கி முறை நீக்கியது. பிறகு திரையோடு திரும்ப வைத்தது. திரை சரி என்றது வாரியம். பரிந்துரையிலிருந்து விலக்கியதை அது ஏற்கவில்லை. புச்சா தீர்ப்பிலேயே இன்னொரு யோசனையும் இருந்தது: கொடூரக் காட்சிகளைத் திரையோடு பார்ப்பதா, இல்லாமல் பார்ப்பதா என்பதை வயது வந்தவர்களே தேர்ந்துகொள்ள வழி செய்ய முடியுமா என்று மெட்டா ஆராய வேண்டும். நாம் தளங்களிடம் கேட்க வேண்டியதும் இந்த இரண்டும்தான். கூடவே, பரிந்துரையை நிறுத்தினால் அன்றே, அந்தப் பதிவிலேயே, படம் எடுத்தவருக்குச் சொல்லிவிட வேண்டும்.