உறுமி கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை

(டர்பன், சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில், ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

தைப்பூசக் காவடியில் உறுமியும் தவிலும் எழும்பும்போது முதல் ஆளாக ஆடுகிற ஒருவரைப் பற்றி இன்றைக்குச் சொல்லப்போகிறேன். அவருடைய மனைவி அவரை என் அறைக்குக் கூட்டி வந்தபோது அவர் சொன்ன முதல் வார்த்தை, "உறுமிச் சத்தம் எனக்கு நல்லாவே கேட்குது. காதில் ஒரு குறையும் இல்லை." மனைவி அதற்கு, "காது போகட்டும், இவர் ஆறு மாதமாக வீட்டில் யாரோடும் பேசுவதில்லை" என்றார். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான்.

நான் செவித்திறன் பரிசோதனை செய்கிறவள். இங்கே நான் சொல்லும் கதை ஒரே ஆளுடையது அல்ல. என்னிடம் வந்த மூன்று பேரின் கதைகளை ஆள் அடையாளம் தெரியாதபடி ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

அந்த அண்ணனுக்கு 46 வயது. பாட்டிலில் பானம் நிரப்பும் தொழிற்சாலை ஒன்றில் 22 ஆண்டு வேலை. முதலில் இயந்திரப் பராமரிப்பு, கடைசி நான்கு ஆண்டு ஷிஃப்ட் மேற்பார்வையாளர். கண்ணாடிப் பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசி ஓடும் இடம் எப்படி இரையும் என்று அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். நம் தென்னாப்பிரிக்கச் சட்டப்படி சத்தம் 85 டெசிபெலை எட்டுகிற இடத்தில் காதுப் பாதுகாப்பு கொடுக்க வேண்டும், தொழிலாளியின் செவித்திறனைக் குறித்த இடைவெளியில் சோதிக்கவும் வேண்டும். அவருக்கும் சோதனை நடந்தது. ஒவ்வொரு முறையும் "பரவாயில்லை" என்றுதான் பதில் வந்தது.

அவருடைய செவித்திறன் வரைபடமான ஆடியோகிராமைப் பார்த்தால் அந்தப் "பரவாயில்லை" எங்கிருந்து வந்தது என்று புரியும். தாழ்ந்த சுருதியில், அதாவது 500, 1000 ஹெர்ட்ஸில், 15 டெசிபெல் சத்தமே அவருக்குக் கேட்டது. அது நல்ல காது. 2000-இல் 30 டெசிபெல் தேவைப்பட்டது. 4000-க்குப் போனால் 65. அங்கே கோடு பள்ளத்தில் விழுகிறது. 8000-இல் கொஞ்சம் மேலே ஏறுகிறது. சத்தத்தால் கெட்ட காதின் வழக்கமான அடையாளம் அந்தப் பள்ளம். இப்போது 500, 1000, 2000, 4000 நான்கையும் கூட்டிச் சராசரி எடுங்கள், 31 வரும். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் 20 முதல் 35-க்குள் என்றால் "லேசான" குறைபாடு. நான்கு எண்ணில் ஒன்று பாழாகிவிட்டது, சராசரியோ லேசு என்கிறது. இங்கே இன்னொரு கணக்கும் உண்டு. முதல் சோதனையோடு ஒப்பிட்டு, செவி இழப்புச் சதவீதம் 10 கூடினால்தான் நஷ்டஈட்டுக்குரிய குறைபாடு. அது நஷ்டஈட்டுக்காக வகுத்த எல்லை. ஆனால் அந்த எல்லையைத் தொடாதவருக்குக் காது நன்றாக இருக்கிறது என்று நிர்வாகமும் நினைத்தது, அவரும் நினைத்துவிட்டார்.

உறுமியும் தவிலும் பெரும்பாலும் தாழ்ந்த சுருதி. பேச்சில் உயிரெழுத்துகளின் பலமும் அங்கேதான் இருக்கிறது. அதனால் ஒருவர் பேசுகிறார் என்பது அவருக்கு நன்றாகவே கேட்கும். நாம் வேலையிடத்தில் பேசுவது ஆங்கிலம். அதில் ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரிப்பது பெரும்பாலும் ஸ், ஃப், ட், க் போன்ற மெல்லிய ஒலிகள். அவை பெரும்பாலும் 2000-க்கு மேலே வாழ்கின்றன. "சிக்ஸ்டி" என்று ஒருவர் சொன்னால் இவருக்குக் கிடைப்பது இரண்டு "இ" மட்டும். "ஃபிஃப்டி"யும் அதே இரண்டு "இ"தான். எனவே இப்படிப்பட்டவர்கள் "கேட்கவில்லை" என்று சொல்லமாட்டார்கள். "கேட்குது, ஆனால் புரியலை" என்பார்கள். அல்லது "இப்போ எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுறாங்க" என்பார்கள். வீட்டில் யாராவது இப்படிச் சொன்னால் தயவுசெய்து அதை எரிச்சல் என்று ஒதுக்காதீர்கள்.

சரி, மனத்துக்கு வருகிறேன்.

தனிமை அவருக்கு முதலில் வந்தது கேன்டீனில். இரும்பு மேசை, வெறும் சுவர், இரண்டு ஃபிரிட்ஜ், தட்டுச் சத்தம், ஆறு பேர் ஒரே நேரத்தில் பேச்சு. பத்து வருடமாக அதே நான்கு நண்பர்களோடு சாப்பிட்டவர். வேடிக்கைக் கதை சொல்கிறவர் கடைசி வரியில் குரலைத் தாழ்த்துவார், கவனித்திருக்கிறீர்களா? இவருக்கு அந்த வரிதான் போய்விடும். மற்றவர்கள் சிரித்ததும் இவரும் அரை நொடி தாமதமாகச் சிரிப்பார். "என்னப்பா சொன்னே?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, விடு" என்பார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. வேடிக்கையைத் திரும்பச் சொன்னால் உப்பில்லாமல் போய்விடும், அதனால்தான். ஆனால் நாளைக்கு மூன்று முறை "விடு" என்று கேட்கிறவர் ஒரு நாள் விட்டுவிடுகிறார். அவர் "மோட்டார் வேலை இருக்கு" என்று சொல்லிப் பட்டறையில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார். யாரும் சண்டை போடவில்லை, யாரும் அவரை ஒதுக்கவில்லை. அதனால் எப்போது தொடங்கியது என்று அவருக்கே நாள் சொல்லத் தெரியவில்லை.

அடுத்தது ஷிஃப்ட் மாறும் நேரம். காலை ஆறு மணிக்கு இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பொறுப்பை ஒப்படைப்பார்கள். இவர் உதட்டைப் பார்த்து, பாதிக் கேட்டு, மீதியை ஊகித்து ஒப்பேற்றினார். அந்த ஊகத்துக்கு மூளை உழைக்க வேண்டும். நாள் முழுக்க அப்படி உழைத்தவர் மாலையில் வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்துவிடுவார். மனைவி பேசினால் "அப்புறம் பார்ப்போம்." வேலையிடத்தில் கேட்பதைத் தவிர்க்கவே தான் நிறையப் பேசத் தொடங்கியதாக அவர் பின்னால் என்னிடம் சொன்னார். நாம் பேசிக்கொண்டே இருந்தால் அடுத்தவர் என்ன சொன்னார் என்ற கேள்வி வராதே. சக ஊழியர்கள் அதைப் பதவி கொடுத்த தலைக்கனம் என்று எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் ரேடியோவில் "சிக்ஸ்டி" என்று வந்த எண்ணை "ஃபிஃப்டி" என்று எழுதிவிட்டார். ஏற்ற வேண்டிய சரக்கில் பத்து பேலட் குறைந்தது. அடுத்த வாரம் தானாகவே போய், மேற்பார்வையாளர் பதவி வேண்டாம், பழைய வேலையே கொடுங்கள் என்று கேட்டார். பிழைக்குக் காரணம் காது என்று அவருக்குத் தோன்றவில்லை. தனக்குப் புத்தி மழுங்கிவிட்டது என்றுதான் நினைத்தார். இரவில் தூக்கம் போனது.

மருத்துவர் கேள்வித்தாளை வைத்துப் பார்த்தார். களைப்பு, கவனமின்மை, தூக்கமின்மை, எதிலும் ஆர்வமில்லை, தன்னைப் பற்றிய தாழ்வெண்ணம். மனச்சோர்வு என்று மாத்திரையும் இரண்டு வார விடுப்பும் எழுதினார். அவர் செய்தது தவறில்லை, மனச்சோர்வு உண்மையிலேயே இருந்தது. விடுப்பில் தேறினார். வீடு அமைதியாக இருந்தது, ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசினார், தேறாமல் என்ன செய்வார்? வேலைக்குத் திரும்பிய பத்தாம் நாள் பழைய நிலை. மாத்திரை பலிக்கவில்லை என்று எல்லாரும் முடிவுகட்டினார்கள்.

இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? நான் கேட்பது இடத்தையும் நேரத்தையும். அமைதியான அறையில் ஒருவரோடு மட்டும் பேசும்போது முகம் மலர்கிறதா? சோர்வு மாலையில் கூடுகிறதா, விடுமுறையில் குறைகிறதா? தனியாகச் செய்யும் காரியங்களில் ஆசை மிஞ்சியிருக்கிறதா? இந்த அண்ணன் ஞாயிற்றுக்கிழமை கடலோரம் தூண்டில் போட விடியற்காலையில் எழுந்து போய்க்கொண்டிருந்தார். ஆழ்ந்த மனச்சோர்வில் பெரும்பாலும் தூண்டிலும் மூலைக்குப் போய்விடும். இவருக்குப் போகவில்லை. ஆனால் இதை வைத்து யாரும் தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. இரண்டும் ஒன்றாக இருக்கலாம், ஒன்று மற்றதை வளர்க்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்க வேண்டும். நானும் கேட்டேன்.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்த ஒரு ஆய்வு உண்டு. அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரை திரட்டிய விவரங்கள், 18,000-க்கும் மேற்பட்ட பெரியவர்கள், 2014-இல் வெளியானது. காது மிக நன்றாக இருக்கிறது என்றவர்களில் குறிப்பிடத்தக்க மனச்சோர்வு 4.9 சதவீதம். கொஞ்சமாவது சிரமம் என்றவர்களில் 11.4. இதுவரை எதிர்பார்த்ததுதான். ஆனால் உச்சம் நடுவில் இருந்தது. நடுத்தரச் சிரமம் உள்ளவர்களிடம் கூடுதலாக இருந்த மனச்சோர்வு, மிகுந்த சிரமம் உள்ளவர்களிடம் அந்த அளவுக்கு இல்லை. முழுக்கக் கேளாதவர்களிடம் அப்படிக் கூடியதாகவே தெரியவில்லை. அவர்கள் எண்ணிக்கை சிறியது. எல்லாம் அவரவர் சொன்னதை வைத்து ஒரே காலத்தில் எடுத்த கணக்கு. ஆகவே எது காரணம், எது விளைவு என்று இது நிரூபிக்காது. ஆனாலும் என் அறையில் நான் பார்ப்பதோடு இது ஒத்துப்போகிறது. முழுக்கக் கேளாதவருக்கு அது ஊருக்கே தெரியும், பலருக்குச் சைகை மொழியும் அதைப் பேசும் தோழமையும் உண்டு. நடுவில் இருப்பவரால் மறைக்க முடிகிறது. அவர் மறைக்கிறார். நாளெல்லாம் மறைப்பதுதான் அவரைத் தின்கிறது.

முதலில் காதில் அழுக்கு இருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை. ஒரு காது மட்டும் திடீரென்று ஒரே நாளில் மந்தமானால் அது வேறு. காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், நாள் தள்ளத் தள்ள மருந்து பலிக்கும் வாய்ப்பு குறையும். இவருக்கு இரண்டு காதிலும் மெல்ல வந்தது. காதுத் துளையை அடைக்காத, மேல் சுருதியை மட்டும் ஏற்றும் கருவி பொருத்தினோம். முதல் இரண்டு வாரம் அவருக்குப் பிடிக்கவில்லை. செய்தித்தாள் சரசரப்பு, தட்டுச் சத்தம், சொந்தக் காலடி எல்லாம் குத்தியது. பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் கருவியை மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள். அளவைக் குறைத்து, வாரந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். இரைச்சல் பகுதிக்குள் போகும்போது கருவியைக் கழற்றிவிட்டுக் காதுறை போட வேண்டும். திறந்த கருவி பாதுகாப்பு ஆகாது.

கருவி மனச்சோர்வைப் போக்கிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். ஆய்வுகளின் முடிவுகள் கலந்துதான் இருக்கின்றன. ஆறு பேர் பேசும் கேன்டீனில் எந்தக் கருவியும் முழுக்கக் கைகொடுக்காது. அதனால் பாதி வேலை தொழிற்சாலையில் நடந்தது. 1998-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டப்படி, குறைபாடு உள்ளவருக்கு நியாயமான வசதி செய்துதரும் கடமை முதலாளிக்கு உண்டு. ஷிஃப்ட் ஒப்படைப்பை இயந்திரத்தின் பக்கத்திலிருந்து அலுவலக அறைக்கு மாற்றினார்கள். எண்களைப் பலகையில் எழுதினார்கள். ரேடியோவில் எண் வந்தால் ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது எல்லாருக்கும் விதியானது. கேன்டீனில் நண்பர்கள் மூலை மேசைக்கு மாறினார்கள், இவர் முதுகு சுவர்ப்பக்கம். பேச்சு வேறு திசைக்குப் போனால் பக்கத்தில் இருப்பவர் "பந்து ஆட்டம் பற்றி" என்று ஒரு சொல் சொல்வார். அந்த ஒரு சொல் இருந்தால் மீதியை மூளை பிடித்துக்கொள்ளும்.

ஐந்து மாதத்தில் தூக்கம் திரும்பியது. மருத்துவர் மாத்திரையைக் குறைக்கத் தொடங்கியிருக்கிறார். விட நினைத்த மேற்பார்வையாளர் வேலையிலேயே நீடிக்கிறார். வெள்ளிக்கிழமை கேன்டீன் நிரம்பி வழியும், அன்றைக்கு அவரால் இன்னும் முடியவில்லை. அன்று பட்டறையில்தான் சாப்பிடுகிறார். போன மாதத்திலிருந்து நண்பர்களில் ஒருவர் தன் தட்டையும் எடுத்துக்கொண்டு அங்கே வந்து எதிரில் உட்கார்ந்துகொள்கிறாராம்.