'டிட்' எங்கே போனது?

வணக்கம் நண்பர்களே. போன வாரம் பெங்களூரில் ரயிலைத் தவறவிட்டேன். மூச்சிரைக்க விசாரணை கவுண்டருக்குப் போய் நான் கேட்டது இது: "கேன் யூ டெல் மீ வென் டிட் த டிரெயின் லீவ்?" அவருக்குப் புரிந்தது, பதிலும் சொன்னார். ஆனால் அடுத்த ரயிலுக்காக உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரமும் அந்த வாக்கியம்தான் உறுத்திக்கொண்டிருந்தது. இலக்கண வீடியோ போடுகிற ஆள் நான்!

சரி, முதலில் நேர்க் கேள்வியைப் பார்ப்போம். "த டிரெயின் வில் லீவ்" என்பதில் 'வில்' என்ற துணைவினை இருக்கிறது. அதை எழுவாய்க்கு முன்னால் தூக்கி வைத்தால் கேள்வி தயார்: "வில் த டிரெயின் லீவ்?" ஆனால் "த டிரெயின் லெஃப்ட்" என்பதில் தூக்கி வைக்க எதுவும் இல்லை. அதனால் ஆங்கிலம் 'டூ'வைக் கூலிக்கு அழைத்து வருகிறது. நடந்து முடிந்த விஷயம் என்பதால் அது 'டிட்' ஆகிறது. இறந்த காலத்தை டிட் சுமந்துகொள்வதால் லெஃப்ட் வெறும் லீவ் ஆகிவிடுகிறது: "வென் டிட் த டிரெயின் லீவ்?"

இதற்கு முன்னால் "கேன் யூ டெல் மீ" வந்தால், கேட்கிற வேலையை அந்த 'கேன் யூ' பார்த்துக்கொள்கிறது. பின்னால் வருவது சாதாரண வாக்கிய வரிசைதான். டிட்டுக்கு அங்கே வேலை இல்லை. போகும்போது சுமந்த காலத்தை வினையிடமே இறக்கி வைத்துவிட்டுப் போகிறது: "கேன் யூ டெல் மீ வென் த டிரெயின் லெஃப்ட்?" டிட்டை மட்டும் எடுத்துவிட்டு "வென் த டிரெயின் லீவ்" என்பவர்களும் நிறையப் பேர். "வேர் டஸ் ஷீ லிவ்?" என்பதிலும் இதே கதைதான். டஸ் போனதும் அதன் 'ஸ்' வினைக்குத் திரும்ப வேண்டும்: "ஐ டோன்ட் நோ வேர் ஷீ லிவ்ஸ்."

நாம் ஏன் தடுக்கி விழுகிறோம்? தமிழில் "ரயில் எப்போது போனது?" என்பதோடு "என்று சொல்ல முடியுமா?" என்பதை ஒட்டினால் முடிந்தது, உள்ளே ஒரு சொல்லும் நகராது. அந்தப் பழக்கத்தில்தான் என் வாயில் டிட் வந்தது. அயர்லாந்து ஆங்கிலத்திலும் பேச்சில் இப்படிக் கேட்பது உண்டு, ஆனால் தேர்வுத்தாளில் மதிப்பெண் போய்விடும்.

'போய்விட்டதா' என்று ஆம்-இல்லை கேள்வியாக இருந்தால் நம் '-ஆ'வின் இடத்துக்கு 'இஃப்' வரும். "ஹேஸ் த டிரெயின் லெஃப்ட்?" என்பது "டூ யூ நோ இஃப் த டிரெயின் ஹேஸ் லெஃப்ட்?" ஆகும். கவனித்தீர்களா, ஹேஸ் காணாமல் போகவில்லை, தன் பழைய இடத்துக்குத்தான் போனது. கூலிக்கு வந்த டூ மட்டும்தான் மறையும்.

"வாட் டஸ் திஸ் வேர்ட் மீன்?" இதற்கு முன்னால் "டூ யூ நோ" சேர்த்து கமென்ட்டில் எழுதுங்கள், பார்க்கிறேன்.