நான்காவது வட்டத்தில் எழுத வேண்டிய தொகை
(வேலூரில் கல்லூரி இறுதியாண்டு மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். உங்களில் பலர் செல்போனில் ஒரு படம் பார்த்திருப்பீர்கள். நான்கு வட்டம்: பிடித்தது, நன்றாக வருவது, ஊருக்குத் தேவையானது, காசு தருவது. நான்கும் சேரும் இடம்தான் இக்கிகாய் என்று போட்டிருக்கும். வாழ்க்கைப் பிடிப்பு என்பதற்கான ஜப்பானியச் சொல் அது. அந்தப் படம் ஜப்பானில் பிறந்ததில்லை. 2014-இல் மார்க் வின் என்ற ஆங்கிலேயர், ஏற்கெனவே இருந்த ஒரு வட்டப் படத்தின் நடுவில் இக்கிகாய் என்று எழுதினார், அவ்வளவுதான்.

ஜப்பானில் இக்கிகாய் பற்றி ஆழமாக எழுதியவர் மியெகோ காமியா என்ற மனநல மருத்துவர். அவருடைய புத்தகம் 1966-இல் வந்தது. நாகஷிமா தீவின் தொழுநோய் இல்லத்தில் நோயாளிகளிடம் பழகியவர் அவர். கரிகிரி ஆஸ்பத்திரியை அறிந்த நமக்கு அந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை. வீடும் வேலையும் பறிபோனவர்களிடம் அவர் தேடியது வாழ்க்கைப் பிடிப்பை. அதற்குச் சம்பளம் ஒரு நிபந்தனையே இல்லை.

சரி, படம் வீணா? இல்லை. முதல் மூன்று வட்டங்கள் நல்ல கேள்விகள். நான்காவதுதான் இடிக்கிறது. காசு வருமா என்று மட்டும் கேட்கிறது. எவ்வளவு, எந்த மாதம் என்று கேட்பதில்லை.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் வேலை செய்யும் தம்பி ஒருவன் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு சொல்லிக் கொடுப்பதில் உயிர். கம்பெனியை விட்டுவிட்டு டியூஷன் மட்டும் எடுக்க நினைக்கிறான். வாடகை, மளிகை, அம்மாவின் மருந்து, தங்கையின் படிப்பு, பைக் தவணை எல்லாம் சேர்த்து மாதம் 17,500 ரூபாய் வேண்டும். டியூஷனில் பிள்ளைக்கு மாதம் 500 ரூபாய். நான்கு வட்டமும் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் பிள்ளைகள் வர மாட்டார்கள், வாடகை மட்டும் வரும். ஆண்டுச் செலவு 2,10,000. அதைப் பத்து மாதத்தில் ஈட்ட வேண்டும் என்றால் 42 பிள்ளைகள் வேண்டும். பள்ளி விட்டு வந்த பிறகு மாலையில் இரண்டு பேட்ச்தான் எடுக்க முடியும். வீட்டுக் கூடத்தில் பன்னிரண்டு பேர் உட்காரலாம். ஆக, 24 பேர்.

பிடித்ததில் குறையில்லை, திறமையிலும் குறையில்லை. இடிப்பது கூடத்தின் அளவும் பள்ளி விடுமுறையும். இதைப் பார்க்காமல் வேலையை விட்டவர்கள், ஜூன் மாதம் வட்டிக்கு வாங்கிவிட்டு, தனக்குத்தான் திறமை போதவில்லை என்று நொந்துகொள்கிறார்கள். அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அவன் இப்போதைக்குக் கம்பெனியை விடக்கூடாது. சனி, ஞாயிறு ஒரு பேட்ச் நடத்தட்டும். 2,800 ரூபாய் பைக் தவணை முடிந்ததும் மாதச் செலவு 14,700 ஆகிவிடும். அப்புறம் ப்ளஸ் டூ கணக்கு எடுத்து, ஆளுக்கு 750 வாங்கினால், 24 பேரிடம் பத்து மாதத்தில் 1,80,000 வரும். ஆண்டுச் செலவு 1,76,400. மயிரிழையில் தாண்டுகிறது. ஒரு பிள்ளை நின்றாலே துண்டு விழும். ஆகவே, மூன்று மாதச் செலவைக் கையில் சேர்த்த பிறகே அவன் ராஜினாமா கடிதம் எழுதலாம்.