தலைப்பில் 9 என்று போட்டால், [ ] போட்டால் கிளிக் ஏறுமா?

திரையில்: மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு ஒன்று. மேலே இரண்டு தலைப்புகள் தோன்றுகின்றன.

ஏற்காட்டில் பார்க்க வேண்டிய இடங்கள்
ஏற்காடு: ஒரே நாளில் 9 இடங்கள் [சேலம் பஸ்ஸில்]

வணக்கம். சேலத்தில் இருந்துகொண்டு ஏற்காடு பற்றிப் பயணக் கட்டுரைகள் எழுதுகிறேன். மேலே இருப்பது என் பழைய தலைப்பு, கீழே இருப்பது புதியது. ஏப்ரல் கடைசியில் மாற்றினேன். மே மாதம் கிளிக் நன்றாக ஏறியது. எண்ணும் அடைப்புக்குறியும்தான் காரணம் என்று தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னேன். அது தவறு.

மே மாதம் கோடை விழா, மலர்க் கண்காட்சி. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி ஊரே மேலே போகும் நேரம். தலைப்பைத் தொடாமல் விட்டிருந்தாலும் கிளிக் ஏறியிருக்கும். அதோடு, அதே வாரங்களில் என் கட்டுரை தேடலில் எட்டாவது இடத்திலிருந்து ஐந்தாவது இடத்துக்கு வந்திருந்தது. மேலே இருப்பதைத்தான் அதிகம் பேர் தொடுவார்கள். ஆக மூன்று காரணங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. எது எவ்வளவு என்று பிரிக்க வழியே இல்லை.

திரையில்: 38%

அடைப்புக்குறி வைத்தால் 38 சதவீதம் கூடும் என்று பலர் சொல்வார்கள். அந்த எண் ஹப்ஸ்பாட், அவுட்பிரெயின் என்ற இரண்டு இணைய விளம்பர, சந்தைப்படுத்தல் நிறுவனங்கள் சேர்ந்து செய்த ஆய்விலிருந்து வந்தது. 33 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆங்கிலத் தலைப்புகளைப் பார்த்தார்கள். ஆனால் அவை காசு கொடுத்து வேறு தளங்களில் காட்டப்பட்ட இணைப்புகள். ஒரே கட்டுரைக்கு இரண்டு தலைப்பு வைத்துச் சோதித்ததும் அல்ல. அடைப்புக்குறி போடும் ஆட்கள் மற்ற விஷயங்களிலும் கவனமாக எழுதுபவர்களாக இருந்திருக்கலாம். அந்த 38-ஐ அப்படியே எடுத்து நம் தமிழ்க் கட்டுரைக்கு வைக்க முடியாது.

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு, இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஆங்கிலத்தில் எண் தலைப்பின் முதலிலேயே வந்து நிற்கும். நமக்கு அப்படி இல்லை. “ஏற்காட்டில் குடும்பத்துடன் கட்டாயம் பார்க்க வேண்டிய 9 இடங்கள்” என்று எழுதினால் எண் கடைசிக்குப் போய்விடுகிறது. தேடல் பக்கமோ தலைப்பை அகலத்தைப் பார்த்து வெட்டுகிறது, தமிழ் எழுத்துகளும் அகலமானவை. அதனால் 9-உம் அடைப்புக்குறியும் வெட்டுக்குள் போய், வாசகர் கண்ணில் படாமலே இருக்கலாம். சில நேரம் கூகுளே தலைப்பை மாற்றியும் காட்டும். எனவே மாற்றியதும் முதல் வேலையாக, கைபேசியில் தேடி என்ன தெரிகிறது என்று பாருங்கள். ஊர்ப் பெயருக்குப் பின் முக்காற்புள்ளி வைத்து, உடனே எண்ணைக் கொண்டுவருவது எனக்கு ஒத்துவந்தது.

சரி, எப்படிச் சோதிப்பது? ஒரே மாதிரியான 20 கட்டுரைகளை எடுங்கள். சீட்டுக் குலுக்கி 10-ஐ மட்டும் மாற்றுங்கள், மீதி 10-ஐத் தொடாதீர்கள். கோடை விழா வந்தால் இரண்டு பக்கமும் ஒன்றாக ஏறும். நாம் பார்க்க வேண்டியது இடையிலுள்ள வித்தியாசத்தை மட்டும்தான். தேடலில் கிடைத்த சராசரி இடத்தையும் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.

திரையில்: 40 / 1,000, 50 / 1,000

ஒரு கணக்கு பார்ப்போம். பழைய தலைப்புகள் 1,000 தடவை காட்டப்பட்டு 40 கிளிக், புதியவை 1,000-க்கு 50 கிளிக் என்று வைத்துக்கொள்வோம். கால் பங்கு கூடிவிட்டது போலத் தெரியும். ஆனால் எதையும் மாற்றாவிட்டால்கூட 40 என்பது 28-க்கும் 52-க்கும் இடையில் தானாகவே ஆடும். 40-இன் வர்க்கமூலம் ஆறு சொச்சம், அதன் இரு மடங்கு ஏறக்குறைய 12. அந்த ஆட்டத்துக்குள்தான் 50 இருக்கிறது. இதே விகிதம் 10,000 தடவைக்கு 400, 500 என்று நின்றால் ஆட்டம் 40 அளவுதான், அப்போது வித்தியாசம் உண்மை என்று நம்பலாம். மாதம் சில நூறு தடவை மட்டும் தெரியும் தளத்தில், அவசரப்பட்டு முடிவு சொல்ல முடியாது.

அப்புறம், அடைப்புக்குறிக்குள் என்ன போடுகிறோம் என்பது. [புதியது], [கட்டாயம் படிக்கவும்] என்றால் வாசகருக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. [சேலம் பஸ்ஸில்] என்றால், கார் இல்லாதவருக்கு இது தனக்கான கட்டுரை என்று தெரிந்துவிடும். கார் வைத்திருப்பவர் தொடாமல் போகலாம், கிளிக் குறையவும் செய்யலாம். அந்தக் குறைவை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எண் மட்டும் பொய்யாகக் கூடாது. கோடையில் கிளியூர் அருவி வறண்டு கிடக்கும்போது, அதை எண்ணிக்கையில் சேர்த்து 9 என்று போடுவதில்லை. அந்த மாதங்களில் என் தலைப்பில் 8 என்றுதான் இருக்கும்.