புள்ளைய யார் கூப்பிடப் போறது? சாயந்தர மெசேஜ் பற்றி ஒரு சந்தேகம்

கேள்வி: "அக்கா, நான் ராமநாதபுரத்துல ஜவுளிக்கடையில பில் போடுறேன். வீட்டுக்காரர் மண்டபத்துல மீன் கம்பெனியில இருக்கார். வீடு உச்சிப்புளி. ரெண்டு பேருக்கும் வேலை முடிய லேட்டாகுது. பாப்பாவுக்கு டியூஷன் 7 மணிக்கு முடியுது. யார் கூப்பிடுறது, ராத்திரிக்கு என்ன சாப்பாடுன்னு தினமும் பத்து மெசேஜ் போகுது, கடைசியில சண்டைதான். எப்படி மெசேஜ் போடணும்?"

பதில்: வணக்கம்மா. நீங்க போட்ட மெசேஜை நான் பார்க்கல. ஆனா முதல் மெசேஜ் என்னவா இருக்கும்னு எனக்குத் தெரியும். "இன்னைக்கு சீக்கிரம் வர முடியுமா?" அதுதானே? அங்கதான் பத்து மெசேஜும் ஆரம்பிக்குது. அவர் "பார்க்கிறேன்"னு போடுவார். லோடு வண்டி எப்ப கிளம்பும்னு அவருக்கே தெரியாது, வேற என்ன போட முடியும்? நீங்க அதை "வருவார்"னு எடுத்துக்குவீங்க. அவர் அதை "சொல்ல முடியாது"ன்னு நினைச்சுத்தான் போட்டிருப்பார்.

எங்க வீட்டுல நடந்ததைச் சொல்றேன். மகன் ரெண்டாங்கிளாஸ் படிக்கிறப்ப நான் ஒரே மெசேஜ்ல ரெண்டு விஷயம் போட்டேன். "தம்பிய 7 மணிக்குக் கூப்பிட்டுருங்க, வரும்போது பால் வாங்கணும்." இவர் "சரி"ன்னு போட்டார். பாலுக்குத்தான் சரி சொல்லியிருக்கார், தம்பி விஷயம் அவர் கண்ணுலயே படல. நான் நிம்மதியா வேலை பார்த்துக்கிட்டிருந்தேன். 7.40க்கு வந்து பார்த்தா, டியூஷன் வாசப்படியில பையை மடியில வச்சுக்கிட்டு புள்ள ஒத்தையா உட்கார்ந்திருக்கான். அழக்கூட இல்ல. அதுதான் எனக்கு இன்னும் மனசுல நிக்குது. அன்னையிலிருந்து எங்க வீட்டுல இந்த விஷயத்துக்கு "சரி" கிடையாது, கட்டைவிரல் படமும் கிடையாது. "நான் கூப்பிடுறேன்"னு முழுசா எழுதணும்.

இப்ப உங்க மெசேஜை எழுதிப் பார்ப்போம். பக்கத்துல உதவிக்கு மதினி மாதிரி ஒருத்தர் இருக்காங்கன்னு வச்சுக்குவோம். கேள்வியா வேணாம், ஏற்பாடா எழுதுங்க. அவர் பதில் போடலைன்னா என்ன நடக்கும்னும் அதுலயே இருக்கட்டும். இப்படி:

"பாப்பா டியூஷன் 7 மணிக்கு முடியுது. எனக்கு இன்னைக்குக் கணக்கு முடிய 8 ஆகும், வர முடியாது. நீங்க கூப்பிட்டுக்கங்க. 6 மணிக்குள்ள 'நான் கூப்பிடுறேன்'னு போடுங்க. பதில் வரலைன்னா மதினிகிட்ட சொல்லிடுறேன், அவங்க போய்க் கூட்டிட்டு வந்து அவங்க வீட்டுல வச்சுக்குவாங்க."

அந்த 6 மணி எங்கிருந்து வந்துச்சு? பின்னாலிருந்து எண்ணணும். 7 மணிக்கு டியூஷன் வாசல்ல நிக்கணும்னா, அவர் மண்டபத்துல 6.15, 6.20க்கெல்லாம் வண்டிய எடுக்கணும். மதினிக்கும் அடுப்பை அணைச்சுட்டுக் கிளம்ப அவகாசம் வேணும். 6.45க்கு போன் பண்ணி "கொஞ்சம் போய்ட்டு வாங்க"ன்னா, ஒருநாள் போவாங்க, தினமும் போவாங்களா? அதனால 6. இந்த மெசேஜ் 5 மணிக்கே போயிடணும், அவருக்கும் ஒருமணி நேரம் இருக்கும்.

இதுல ஒரு இடத்துல மாட்டும். 6 மணி தாண்டிடுச்சு, நீங்க மதினிகிட்ட சொல்லிட்டீங்க. 6.10க்கு அவர் "நான் கூப்பிடுறேன்"னு போடுறார். நீங்க உடனே மதினிய வேணாம்னு சொல்லிடாதீங்க. நேரம் தாண்டினா மதினிதான்னு முதல்லயே ரெண்டு பேரும் பேசி வச்சுக்கங்க. அதை மாத்தணும்னா அவர் போன்தான் பண்ணணும், மெசேஜ் கூடாது. புள்ளைய யாருமே கூப்பிடப் போகாம விட்டுப்போறது பெரும்பாலும் இந்தக் கடைசி நேர மாத்தத்துலதான்.

டிக்கையும் பாருங்க. ஒரே ஒரு டிக் நின்னா மெசேஜ் அவர் போனுக்கே போய்ச் சேரல. சிக்னல் இல்லாம இருக்கலாம், நெட்டை அணைச்சிருக்கலாம். அப்ப 6 மணி வரைக்கும் காத்திருக்காதீங்க, சாதாரண போன் போடுங்க. ரெண்டு டிக் நீலமானாலும் அவர் மெசேஜைத் திறந்தார்னுதான் அர்த்தம், ஒத்துக்கிட்டார்னு இல்ல. ஐஸ் உடைக்கிற சத்தத்துல வாய்ஸ் மெசேஜ் போட்டா அவருக்கு ஒண்ணும் கேக்காது, எழுதியே போடுங்க. நேரம் மாறினா பழைய மெசேஜைத் திருத்தாதீங்க. 15 நிமிஷத்துக்குள்ள வாட்ஸப் திருத்த விடும், ஆனா திருத்தினதுக்குத் தனியா சத்தம் வராது. 7ஐ 7.30ன்னு மாத்தினா அவருக்கு எப்படித் தெரியும்? புதுசா ஒண்ணு போடுங்க.

கூப்பிட்டவங்க ஒரு வரி போடணும். "பாப்பா என்கூட இருக்கா, 7.05." வண்டிய ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே போடணும், வீட்டுக்குப் போய் இல்ல. நீங்க அங்க பில் போட்டுக்கிட்டே மனசுல வாசலப் பார்த்துக்கிட்டிருப்பீங்க, அந்த ஒரு வரி வந்தாத்தான் உங்க கை வேலையில நிக்கும்.

சாப்பாட்டுக்குத் தனி மெசேஜ், இதோட சேர்க்கவே சேர்க்காதீங்க. அதுல "என்ன சாப்பிடலாம்"னு கேக்காதீங்க. பசியோட இருக்கிறவங்களுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் வராது. வீட்டுல என்ன இருக்கு, எங்க இருக்குன்னு எழுதுங்க. "மாவு ஃப்ரிட்ஜ்ல மேல் தட்டு, மூடி போட்ட தூக்கு. காலையில வச்ச சூடை மீன் குழம்பு அதுக்குக் கீழ இருக்கு. முதல்ல போறவங்க ரெண்டையும் வெளியில எடுத்து வைங்க, பாப்பாவுக்கு ரெண்டு தோசை ஊத்திக் குடுத்துருங்க. எனக்காகக் காத்திருக்க வேணாம்." முதல்ல போறவங்கன்னு எழுதிட்டா யார் முன்னாடி வந்தாலும் வேலை நடக்கும், இன்னொரு மெசேஜ் தேவைப்படாது.

வீட்டுக்காரர் மீன் கம்பெனியில இருக்கிறதால இதையும் சொல்லணும். ராத்திரி 8.30க்கு ஒரு பை நகரை மீனோட வந்து நிப்பார், ஆசையாத்தான் கொண்டு வருவார். அந்த நேரத்துக்கு உட்கார்ந்து செதில் உரசி, குடலெடுத்து, அப்புறம் குழம்பு வைக்கிறது யாரு? "மீன் கொண்டு வர்றதா இருந்தா 5 மணிக்குள்ள சொல்லுங்க, சுத்தம் பண்ணியே கொண்டு வாங்க"ன்னு ஒருநாள் நேர்லயே, சிரிச்ச முகத்தோட சொல்லிடுங்க. மெசேஜ்ல போட்டா அதே வார்த்தை குத்தலாத் தெரியும். பரோட்டாவும் அப்படித்தான், வாங்கினவங்க கடை வாசல்ல நின்னே "வாங்கிட்டேன்"னு போடணும். இல்லைன்னா ரெண்டு பேர் கையிலயும் பொட்டலம் இருக்கும்.

டியூஷன் கிழமை, நேரம், டீச்சர் நம்பர், மதினி நம்பர் எல்லாத்தையும் ஒரே மெசேஜா எழுதி உங்க சாட்டுல பின் பண்ணிடுங்க. 30 நாள் வரைக்கும் மேலயே நிக்கும், முடிஞ்சதும் மறுபடி பண்ணணும்.

கடைசியா ஒண்ணு. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்ப லோடு குறைஞ்சு வீட்டுக்காரர் சீக்கிரம் வர வாய்ப்பிருக்கு, புள்ளைய அவரே கூப்பிட்டுப் பழகிடுவார், நீங்களும் 5 மணி மெசேஜை விட்டுருவீங்க. ஜூன் 15க்கு அப்புறம் படகு போக ஆரம்பிச்சதும் அவர் நேரம் மறுபடி அவர் கையில இருக்காது. ஸ்கூலும் அந்த மாசம்தான் திறக்கும், டியூஷன் நேரமும் மாறியிருக்கும். அதனால ஜூன் 14 ராத்திரியே ரெண்டு பேரும் உட்கார்ந்து அந்த பின் பண்ணின மெசேஜைப் புதுசா எழுதிடுங்க.