வீட்டு ஊறுகாயை விற்க டர்பனில் என்ன வேண்டும்?

[காட்சி: துணியில் பரப்பிய கேரட், பீன்ஸ், காலிஃபிளவர்]

வணக்கம். சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வீட்டு அடுக்களையிலிருந்து காய்கறி ஊறுகாய் விற்க நினைக்கிறவர்களுக்கு இந்த வீடியோ. காரத்தை உங்கள் கைப்பக்குவத்துக்கே விட்டுவிடுகிறோம். புளிப்பை மட்டும் அளந்துதான் ஆக வேண்டும்.

ஒரு கிலோ காய்க்கு 5 சதவீத வினிகர் அரை லிட்டர், உப்பு 60 கிராம், எண்ணெய் கால் லிட்டர். வினிகர் புட்டியில் சதவீதம் பார்த்து வாங்குங்கள். காயை ஈரம் போக உலர்த்துங்கள். ஒட்டியிருக்கும் தண்ணீர் வினிகரை நீர்க்கச் செய்துவிடும். பூண்டை முதலில் வினிகரில் ஊறவிட்டு, பிறகு எண்ணெய் ஊற்றுங்கள். பச்சைப் பூண்டை எண்ணெய் மூடினால் உள்ளே காற்று இருக்காது. உயிருக்கே ஆபத்தான நஞ்சை உண்டாக்கும் பாட்டுலினம் கிருமிக்கு அதுதான் தோதான இடம்.

[காட்சி: பிஎச் மீட்டர், அருகில் மஞ்சளான காகிதப் பட்டை]

புளிப்பை பிஎச் என்ற எண்ணால் அளக்கிறோம்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். அந்தக் கிருமி பிஎச் 4.6க்குக் கீழே வளராது. நாம் 4.2ஐத் தாண்ட விட வேண்டாம். கேரட் தனியாக 6 வாக்கில் இருக்கும். இரண்டு நாள் ஊறியபின் நாலைந்து துண்டுகளை எண்ணெய் துடைத்து, விழுதாக அரைத்து, அதில் மீட்டரை வையுங்கள். சாற்றை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். சாறு முதல் நாளே புளித்திருக்கும், துண்டின் நடுப்பகுதிக்குப் புளிப்பு மெதுவாகத்தான் இறங்கும். காகிதப் பட்டையும் உதவாது, மஞ்சள்தூள் அதன் நிறத்தை மறைத்துவிடும். மீட்டரை பிஎச் 4, பிஎச் 7 என்று குறித்து விற்கும் கரைசல்களில் சரிபார்த்த பிறகே நம்புங்கள்.

4.4 காட்டினால்? அந்தத் தொகுதியை விற்க வேண்டாம். நூறு மில்லி வினிகர் சேர்த்து, இன்னும் இரண்டு நாள் விட்டு, மறுபடி அரைத்து அளக்கலாம். நுரை, பூஞ்சை, உப்பிய மூடி கண்ணில் பட்டால் கொட்டிவிடுங்கள். ஆனால் பாட்டுலினம் வாசனையிலோ நிறத்திலோ தெரியாமலும் போகலாம். மூக்கை நம்பி விற்க முடியாது என்பதால்தான் இத்தனை மெனக்கெடல்.

[காட்சி: கை கழுவும் தொட்டி, மூடியுள்ள குப்பைத்தொட்டி]

இனி சான்றிதழ். உணவு கையாளும் இடத்துக்கு 2018இன் ஆர் 638 என்ற தென்னாப்பிரிக்க உணவுச் சுகாதார விதிகளின்படி 'செர்டிஃபிகேட் ஆஃப் அக்செப்டபிலிட்டி' வேண்டும்; வீட்டு அடுக்களைக்கும் அதே விதிதான். மாநகராட்சியின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவில் விண்ணப்பித்தால் அதிகாரி வந்து பார்ப்பார். கை கழுவத் தண்ணீரும் சோப்பும், எளிதில் கழுவக்கூடிய மேடை, மூடியுள்ள குப்பைத்தொட்டி எல்லாம் கவனிப்பார். கழிப்பறைக் கதவு நேராக அடுக்களைக்குள் திறந்தால் அங்கேயே சிக்கல். பொறுப்பாளர் உணவுச் சுகாதாரப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். சான்றிதழ் அந்த ஆளுக்கும் அந்த இடத்துக்கும் மட்டும்தான். அக்கா வீட்டு அடுக்களைக்கு மாறினால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதுதான்.

டிஃபன் கட்டிக் கொடுப்பவர்களுக்கு இன்னொரு படி உண்டு. சமைத்த சாப்பாடு விற்க 1991ஆம் ஆண்டு வணிகச் சட்டப்படி தனி உரிமமும் தேவை. சூடாகப் போகும் டப்பா 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது.

புட்டி லேபிளில் பெயர், அதிகமானதிலிருந்து குறைவானது வரை சேர்மானங்கள், எடை, உங்கள் முகவரி, தேதி, தொகுதி எண் வேண்டும். அதே எண்ணை நோட்டில் எழுதி, பக்கத்தில் அன்று அளந்த பிஎச்சைக் குறித்து வையுங்கள். ஒரு புட்டி கெட்டதாகப் புகார் வந்தால், அதோடு போட்ட மற்றப் புட்டிகள் எவை என்று அந்த வரியைப் பார்த்துத்தான் திரும்பப் பெற முடியும்.